குட் மார்னிங் யாருக்கு

எங்கள் தொழிற்சாலை மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் இருக்கிறது. மருத்துவமனைகளில் தாதியர் கையில் வைத்திருக்கும் சிறு கருவிகளுக்கான பேட்டரிகளைச் செய்கிறோம். நான் அங்கே சரக்குத் திட்டமிடும் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். எந்தத் தொகுதி எப்போது முடிகிறது, எந்த விமானத்தில் ஏறுகிறது, மெக்சிகோவில் இருக்கும் எங்கள் கிளைத் தொழிற்சாலைக்கு எப்போது போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது என் வேலை. அன்றன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். ஆனால் நான் இங்கே சொல்லப் போகும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கான பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. "இன்று கை நடுங்குகிறது, நாளை எழுதுகிறேன்." மறுநாளும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகக் கைப்பேசிச் செயலியில் உள்ள அந்தக் குரூப் ஆரம்பத்தில் பிறைக்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தது. ஷிப்ட் தொடங்கும்போது மேற்பார்வையாளர் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எந்த லைன் ஓடுகிறது என்று அதில் போடுவார். பிறகு மெக்சிகோக்காரர்களையும் அதிலேயே சேர்த்தார்கள். புதிதாக ஒன்று தொடங்க யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஷிப்டாக இருந்தாலும் வேலைக்கு வந்ததும் சொல்லும் முதல் வார்த்தை 'குட் மார்னிங்'தான். காலை ஏழு மணிக்கு வருகிறவரும் அதைத்தான் சொல்வார், மாலை ஏழு மணிக்கு இரவு ஷிப்டுக்கு வருகிறவரும் அதைத்தான் சொல்வார். தூங்கி எழுந்து வேலைக்கு வருகிற நேரம் யாருக்குமே காலைதான் என்பது எங்கள் கணக்கு. இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அண்ணன். அவர் மாலை ஏழு மணிக்கு ஒரு சிவப்பு ரோஜாப் படமும், பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையும், மேலே 'குட் மார்னிங்' என்று தங்க எழுத்துமாகப் போடுவார். பகல் ஷிப்டில் வேறு ஒருவர் வேறு பூ போடுவார். வேலை விஷயமாக எதை எழுதினாலும் நாங்கள் எல்லோரும் அப்படியே தொடங்கினோம். அது மரியாதை என்று நினைத்தோம். நானும்தான்.

மெக்சிகோவில் பேட்டரிகளுக்கு மின்னேற்றும் அறைக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பயிற்சிக்காக இரண்டு வாரம் பிறைக்கு வந்திருந்தார். அப்போது நான்தான் அவரைத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாசார் தெருவில் ஒரு பச்சைச் சேலை வாங்கினார். வாழை இலையில் கையால் சாப்பிட்டுவிட்டு, ரசம் முழங்கை வரை வழிய, "அக்கா, ஹெல்ப்" என்று சிரித்தார். 'அக்கா' என்ற வார்த்தையை எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் தம்பி என்று கூப்பிடும் இளைஞரிடமிருந்து பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் வரும்போதெல்லாம் அக்கா என்றுதான் அழைப்பார். அவருக்குப் பின்னால் சுவரில் அவர் மகன் வரைந்த குதிரைப் படம் ஒட்டியிருக்கும். அவர் வேலை செய்யும் அறைக்கு ஒரே ஒரு கதவு. உள்ளே அவரையும் சேர்த்து ஆறு பேர்.

பேட்டரிகளை விமானத்தில் முழு மின்னேற்றத்தோடு அனுப்பக் கூடாது. கால் பங்குக்குச் சற்று மேலே மட்டும் ஏற்றி அனுப்புவோம். அங்கே போய்ச் சேர்ந்ததும் தட்டுகளில் அடுக்கி முழுதாக ஏற்றிச் சோதிப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், மெக்சிகோவுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு தொகுதியின் மாதிரிகளை எங்கள் சோதனைக்கூடத்தில் முழுதாக ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். நிறைந்ததும் மின்சாரத்தைத் தானாக வெட்ட வேண்டிய பாகம் வெட்டவில்லை. ஒரு பேட்டரி தலையணை மாதிரி உப்பியது. இன்னொன்று கரும்புகையைக் கக்கியது. எங்கள் சோதனைப் பெட்டி இரும்பால் ஆனது, புகை வெளியே போகக் குழாய் உண்டு. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மெக்சிகோவில் அவை திறந்த தட்டுகளில் நூற்றுக்கணக்கில் அடுக்கப்படும்.

தரப் பிரிவுத் தம்பி உடனே கணினியில் தொகுதியை முடக்கினார். அங்குள்ள தர அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்பது மணிக்கு, எல்லோரும் பார்க்கட்டும் என்று குரூப்பிலும் எழுதினார். முப்பத்திரண்டு வயது, நல்ல கவனமான பிள்ளை. செய்ய வேண்டியது எதையும் விடவில்லை.

நான் வேலை முடியும் முன் ஒருமுறை அன்றைய சரக்குகளையெல்லாம் சரிபார்ப்பேன். அன்று நாலு மணிக்கு அந்தத் தொகுதியைத் தேடினேன். கணினியில் 'முடக்கம்' என்று சிவப்பில் இருந்தது. அதற்குக் கீழே இருந்த வரியை இரண்டு முறை படித்தேன். தொகுதி மெக்சிகோக் கிடங்கில் இல்லை. முடக்குவதற்கு முன்பே, அவர்களுடைய திங்கட்கிழமைப் பிற்பகலில், மின்னேற்றும் அறைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கிடங்கில் இருந்தால் கணினி தடுத்திருக்கும். கை மாறிய பிறகு கணினியால் ஒன்றும் செய்ய முடியாது.

குரூப்பைத் திறந்தேன். தம்பியின் செய்தி இருந்தது. "எல்லோருக்கும் குட் மார்னிங். அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று கீழ்க்கண்ட தொகுதியை மின்னேற்ற வேண்டாம்." கீழே பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல்கள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் பார்த்தேன். எல்லாம் பிறைக்காரர்கள்.

மெக்சிகோப் பெண் தனக்கான எந்தச் செய்திக்கும் கட்டைவிரல் போடாமல் விட்டதில்லை. நான் மேலே தள்ளிக்கொண்டே போனேன். போன வாரம், அதற்கு முந்தைய வாரம், போன மாதம். அவர் கட்டைவிரல் போட்டிருந்த செய்திகளெல்லாம் அவசரத்தில் நேராக விஷயத்தில் தொடங்கியவை. "பெட்டி எண் தவறு, பார்க்கவும்." "விமானம் தாமதம்." குட் மார்னிங் என்று தொடங்கிய ஒன்றில்கூட அவர் விரல் இல்லை. அவருடையது மட்டுமல்ல, அந்த ஊர்க்காரர்கள் ஒருவருடையதும் இல்லை.

எனக்குப் புரிந்தது. நாங்கள் காலை ஏழுக்குக் குட் மார்னிங் போடும்போது அவர்களுக்கு முந்தைய நாள் மாலை ஐந்து. வீட்டுக்குக் கிளம்பும் நேரம். ஒன்பதுக்குப் போட்டால் அங்கே இரவுச் சாப்பாடு. பூவும் கோப்பையும் தலை எண்ணிக்கையும் கேன்டீன் அறிவிப்பும் மாதக்கணக்காக அந்த வார்த்தையோடு போயிருக்கின்றன. குட் மார்னிங் என்று வந்தால் அது பிறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, நமக்கு இல்லை என்று அவர்கள் பழகிவிட்டார்கள். பூட்டிய திரையில் முதல் வரி மட்டும்தானே தெரியும். தம்பியின் முதல் வரியில் வணக்கமும் நலமும்தான் இருந்தன.

தம்பியின் மேசைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன்.

"தம்பி, அவங்க பாக்கல."

"யாருக்கா?"

"மெக்சிகோ. ஒருத்தர்கூட பாக்கல. சரக்கு சார்ஜிங் ரூமுக்குப் போயிருச்சு."

அவர் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அலாமாக், ஐயையோ," என்றார் மெல்ல. "ஈமெயில் போட்டேனேக்கா."

"அவங்க குவாலிட்டி ஆபீசர் எட்டு மணிக்குத்தான் வருவாரு. ஷிப்ட் ஆறு மணிக்கு."

"இப்ப அங்க மணி?"

"விடியக்காலை ரெண்டே கால்."

அவர்களின் ஆறு மணி என்பது எங்களுக்கு இரவு எட்டு. அந்த அறைக்குள் போகும்முன் கைப்பேசியை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். எங்கள் அறைக்கும் அதே விதிதான். எட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு கதவு அடைத்துக்கொள்ளும்.

அவசர அழைப்புப் பட்டியலில் இரண்டு எண்கள் இருந்தன. முதல் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவதை ஒரு பெண் எடுத்தார். தூக்கக் குரலில் ஸ்பானிஷில் கத்திவிட்டு வைத்துவிட்டார். அந்த எண்ணுக்குரியவர் வேலையை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது என்று பிறகு தெரிந்தது. தொழிற்சாலையின் பொது எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல் எதையோ கேட்டது. தம்பி மின்னேற்றும் அறையின் உள் எண்ணை அழுத்தினார். யாருமில்லாத அறையில் அது அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மணி ஓசையைக் கேட்கக் கேட்க எனக்கு அந்தத் தட்டுகள் இருட்டில் அடுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் மேலாளர் அன்று கோலாலம்பூரில் இருந்தார். தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். "நான் மேலிடத்தில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் முயற்சி செய்துகொண்டே இருங்கள்" என்றார்.

மெக்சிகோப் பெண்ணின் கைப்பேசி இரவில் சத்தமில்லாமல் இருக்கும். இங்கே வந்திருந்தபோது அவரே சொன்னது. காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அலுவலகச் செய்திகளைப் பார்ப்பாராம். அவர் கைப்பேசி எல்லாச் செய்திகளையும் ஓர் அடுக்காகச் சேர்த்து, கடைசியாக வந்ததை மட்டும் மேலே காட்டும். அது வேண்டாததாகத் தெரிந்தால் அடுக்கு முழுவதையும் விரலால் ஒரு தள்ளு. இதைச் செய்து காட்டிச் சிரித்தார். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

"திரும்ப அனுப்புவோம்," என்றார் தம்பி. "குட் மார்னிங்னே போடலாம்க்கா. அவங்க எந்திரிச்சுப் பாக்கிறப்போ காலைதானே?"

"அந்த வார்த்தையத்தானே தள்ளி விடறாங்க."

"குட் ஈவ்னிங்?"

"நமக்கா அவங்களுக்கா?"

"வணக்கம்னு போட்டுருவோமா?" என்றார். சிரிக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். முதலில் அவர் பெயர். அடுத்து 'ஹலோ'. எந்த நேரத்தில் படித்தாலும் பொருந்தும் ஒரு ஹலோ. அதே வரியில் 'தீ ஆபத்து, மின்னேற்றாதே'. பிறகு தொகுதி எண். பிறகு, 'இன்று' என்று எழுதாமல், 'உங்கள் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி ஷிப்ட்' என்று எழுதினேன். எனக்கு இன்று பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அவருக்கு இன்னும் விடியவே இல்லை. குரூப்பிலும் அவருக்குத் தனியாகவும் அனுப்பினேன். 'பார்க்கப்படவில்லை' என்ற சாம்பல் நிறக் குறி விழுந்தது. அது மாறவே இல்லை.

ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டேன். இருவரும் மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டே இருந்தோம். ஆறு மணி சுமாருக்குத் தம்பி திடீரென்று நிமிர்ந்தார்.

"அக்கா. ரோஜா."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை.

"ஏழு மணிக்கு அண்ணன் பூ போடுவாரு. அங்க அப்ப அஞ்சு. அவங்க பஸ்ல ஏறுற நேரம்."

என் செய்திக்கு மேலே போய் அந்த ரோஜா உட்காரும். அவர் பார்ப்பார், தள்ளிவிடுவார், அடுக்கோடு எல்லாம் போய்விடும். எழுந்து நின்றேன். தம்பியும் கூடவே வந்தார்.

அண்ணன் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு குரூப்புல பூ போடாதீங்க."

"ஏன், யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"இன்னும் இல்ல," என்றார் தம்பி.

சிரிப்பு நின்றது. சுருக்கமாகச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, "பூவப் பாத்தா தள்ளி விடறாங்களா? எல்லாருமா?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு மனம் நொந்தது தெரிந்தது. "சரிலா, போடல. நீங்க கவலப்படாம போங்க."

தம்பியின் மகளை ஏழரைக்கு டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும். மெக்சிகோவைக் காரிலிருந்தும் அழைக்கலாம் என்று அவர் காரில் கிளம்பினோம். என்னைத் தீவில் என் வீடு இருக்கும் சுங்கை பினாங்கில் இறக்கிவிட்டுப் போவதாகச் சொன்னார். தீவுக்குப் போகும் பாலத்தில் ஜாம். ஒரு லாரியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நகர்ந்தோம். இரண்டு பக்கமும் கடல் வெள்ளித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. தீவுப் பக்கம் மலைக்கு மேலே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே இருட்டில் ஒரு பஸ் கிளம்பத் தயாராக நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவங்களுக்குப் பையன் ஒருத்தன் இருக்கான்ல?" என்றார் தம்பி.

"ம்."

"குதிர வரைவான்."

"தம்பி, ரோட்டப் பாருங்க."

அப்போது என் கைப்பேசி அடித்தது. அண்ணன்.

"அக்கா! அந்தப் பூவ நான் போடறதே இல்லக்கா!"

"என்னாண்ணே சொல்றீங்க?"

"என் மவ போன வருசமே செட் பண்ணிக் குடுத்துட்டா. ஏழு அடிச்சா அதுவா போவும். நான் எங்க நிறுத்தறதுன்னே தெரியல."

"மகளக் கூப்பிடுங்க!"

"எடுக்க மாட்டறா! எப்ப எடுத்துருக்கா!"

தம்பி ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி, வண்டியை ஓட்டிக்கொண்டே, "அண்ணே, மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க, அத அமுக்குங்க" என்றார். "எந்த மேல? மேல பூதான் இருக்கு" என்றார் அண்ணன். "அதுக்கும் மேலண்ணே." "கண்ணாடி லாக்கர்ல இருக்குய்யா." காரின் கடிகாரத்தில் எண் மாறி ஏழானது. என் கையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. திரையில் சிவப்பு ரோஜா, ஆவி பறக்கும் கோப்பை, தங்க எழுத்தில் குட் மார்னிங். அவர்களுக்கு அது உண்மையிலேயே காலை.

நான் என் செய்தியை மறுபடி ஒட்டி அனுப்பினேன். தயாராக வைத்திருந்தேன். ஆனால் பாலத்தின் நடுவில் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கைப்பேசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தேன். சுற்றியது. அண்ணன் இணைப்பில் இன்னும், "போயிருச்சாக்கா? போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வட்டம் நின்று செய்தி போனது. எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அவர் ரோஜாவைப் பார்த்து அடுக்கைத் தள்ளிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டிருக்கலாம். பஸ்ஸில் கண்ணயர்ந்திருக்கலாம். அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. அந்த அறையின் ஒரே கதவைப் பற்றி மட்டும் நினைத்தேன் என்று எழுதினால் போதும். அது உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பாலத்தை விட்டு இறங்கும் வளைவில் பதில் வந்தது.

"அக்கா, ஹலோ. படித்தேன். பஸ்ஸில் இருக்கிறேன். தட்டுகள் நேற்று மாலையே அடுக்கியாகிவிட்டன. காலையில் சுவிட்ச் போடுவது மட்டும்தான் பாக்கி. நான் போடமாட்டேன்."

சத்தமாகப் படித்தேன். தம்பி சாலை ஓரமாக வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவர் நிமிரவில்லை. இணைப்பில் இருந்த அண்ணன், "என்னாச்சு? ஏன் சத்தமே இல்ல? அக்கா?" என்று கத்தினார்.

"படிச்சுட்டாங்கண்ணே."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "பூவயும் பாத்தாங்களாமா?" என்றார்.

ஆனாலும் என் பயம் இறங்கவில்லை. அவருக்கு முன்பே வேறு யாராவது வந்து சுவிட்சைப் போட்டுவிட்டால்? அதையும் எழுதிக் கேட்டேன். அறைச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார். இருந்தாலும் வீட்டுப் படியேறும்போதும், குளிக்காமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோதும், கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. எட்டு மணிக்குச் சற்று முன்பு ஒரு படம் வந்தது. அறைக்கு வெளியே சுவரில் மின்பலகை, கீழே இழுத்துவிட்ட முதன்மைச் சுவிட்ச், அதில் தொங்கும் பூட்டும் சிவப்பு அட்டையும். படத்தின் ஓரத்தில் திறந்திருக்கும் கதவு. வெளியே திறக்கும் கதவு. அப்போதுதான் உட்கார்ந்தேன். நாட்குறிப்பை எடுத்து அந்த ஒரு வரியை எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து வாராந்திர வீடியோ அழைப்பில் அவர் வந்தார். பின்னால் குதிரை அப்படியே இருந்தது. தட்டுகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டு, மணல் வாளிகளோடு தனிக் கொட்டகையில் வைத்துவிட்டதாகச் சொன்னார். முதல் செய்தியை ஏன் பார்க்கவில்லை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அக்கா, அது வந்தபோது நான் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். குட் மார்னிங் என்று பார்த்தேன். உங்கள் குட் மார்னிங் வரும்போது இங்கே பெரும்பாலும் காலையாக இருப்பதில்லை. அதனால் அது எனக்கு இல்லை என்று நினைத்தேன். ரோஜாவையும் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு மேலே என் பெயர் வந்தது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பழைய குரூப் பிறைக்கு மட்டும், இரண்டு ஊருக்கும் பொதுவாகப் புதிதாக ஒரு குரூப். பொதுக் குரூப்பில் யாருக்கு என்பது முதலில் வரும், விஷயம் அதே வரியில் வரும். வணக்கம் வேண்டுமென்றால் ஹலோ. கிழமையையும் மணியையும் படிப்பவர் ஊர்க் கணக்கில் எழுதுகிறோம். அவசர எண்களை மாதம் ஒருமுறை நானே அழைத்துப் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது வறட்டுத்தனமாகத் தோன்றுகிறது. ஒரு பெண், "ஒரு குட் மார்னிங் சொல்றதுல என்னாக்கா இருக்கு?" என்று கேட்டாள். கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாலம் வரை வந்ததும் நிறுத்திவிட்டேன். மீதியைத் தம்பிதான் சொன்னார்.

ரோஜா பிறைக் குரூப்பில் மட்டும் வருகிறது. ஏழு அடித்தால் தானாகவே வரும். அதை நிறுத்த அண்ணன் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலும் நான் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். கைப்பேசி அதிர்ந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். அது அண்ணனுடைய பூதான், வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பொதுக் குரூப்பைத் திறந்து, நான் கடைசியாக அனுப்பியதற்குக் கீழே அவருடைய கட்டைவிரல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் கத்தியை மறுபடி கையில் எடுப்பேன்.